புதிய அழகு நிலையத்துக்கு இடம் தேர்தல்: விருத்தாசலத்தில் போட்டியாளர் கணக்கெடுப்பு

போட்டியாளர் கணக்கெடுப்பு என்பது, ஒரு கடையைத் தொடங்குவதற்கு முன் அதே தொழிலைச் சுற்றுவட்டாரத்தில் ஏற்கெனவே செய்பவர்கள் யார், என்ன விலைக்கு, எந்தச் சேவையை, யாருக்குச் செய்கிறார்கள் என்பதை நேரில் பார்த்துப் பதிவு செய்வதாகும். பெண்களுக்கான அழகு நிலையம் (பியூட்டி பார்லர்) தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் கடையைப் பிடித்து முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகுதான் அக்கம்பக்கத்துக் கடைகளைப் பார்க்கிறார்கள். அந்த நிலையில் கணக்கெடுப்பு விலைப்பட்டியல் எழுத மட்டுமே உதவும், இடத்தை மாற்ற உதவாது. எனவே வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே இதைச் செய்து முடிக்க வேண்டும்.

இக்கட்டுரை, கடலூர் மாவட்டத்திலுள்ள விருத்தாசலத்தை இடமாக வைத்து இந்தக் கணக்கெடுப்பின் படிகளை விளக்குகிறது. ஊர் பற்றிய செய்திகள் உண்மையானவை. கடைகளின் விலை, வாடகை, ஆள் எண்ணிக்கை ஆகியவை கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். எந்தக் குறிப்பிட்ட கடையையும் அவை சுட்டுவதில்லை.

## விருத்தாசலத்தில் வாடிக்கையாளர் வரும் வழிகள்

பழைய பெயரில் திருமுதுகுன்றம் எனப்படும் விருத்தாசலம், மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த நகராட்சி. பழமலைநாதர் எனப்படும் விருத்தகிரீசுவரர் கோயில் ஊரின் நடுவே உள்ளது. விழுப்புரம் – திருச்சி இருப்புப்பாதையில் உள்ள இந்தச் சந்திப்பிலிருந்து சேலத்துக்கும் கடலூருக்கும் கிளைப்பாதைகள் பிரிகின்றன. செராமிக் எனப்படும் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. சுற்றுப்புற ஊர்களில் முந்திரி சாகுபடி அதிகம்.

இந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் ஒருவகை வாடிக்கையாளரைக் குறிக்கின்றன. கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கும் பிற கல்வி நிலையங்களுக்கும் வரும் மாணவியர் ஒரு வகை. அரசு அலுவலகம், வங்கி, பள்ளி ஆகியவற்றில் மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் இன்னொரு வகை. வாரக்கூலி வாங்கும் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் மூன்றாவது வகை. நான்காவது வகை, சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து துணிக்கடை, நகைக்கடை வேலைகளோடு அழகு நிலையத்துக்கும் போய்விட்டுத் திரும்புவோர். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே அருகிலுள்ள கிராமத்துப் பெண் ஒருவர் புருவம் திருத்த நகரத்துக்கு வருவது, பேருந்துச் செலவில்லாத காரியமாகிவிட்டது.

இதனால் கணக்கெடுப்பின் எல்லையை வரைபடத்தில் ஒரு வட்டமாகப் போட்டுக்கொள்வது சரியாக அமையாது. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருந்தாலும், நடுவே ஆறோ இருப்புப்பாதையோ குறுக்கிட்டால் அந்தப் பக்கத்துக் கடை போட்டியாளர் ஆகாமல் போகலாம். மாறாக, தொலைவில் இருந்தாலும் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடை, கிராமத்திலிருந்து வருபவர்களைப் பொறுத்தவரை நேரடிப் போட்டியாளர். எனவே ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக, “இங்கே வரக்கூடிய பெண் எந்த வழியாக வருவார், வரும் வழியில் எத்தனை கடைகளைத் தாண்டுவார்?” என்று கேட்டு எல்லையைக் குறிக்க வேண்டும்.

## போட்டியாளர் யார்?

பெயர்ப்பலகை வைத்த கடைகளை எண்ணுவது எளிது. அவை கைப்பேசி வரைபடத்திலும் கிடைக்கும். ஆனால் விருத்தாசலம் போன்ற ஊரில் இரண்டு வகைப் போட்டியாளர்கள் வரைபடத்தில் முழுமையாகத் தெரிய மாட்டார்கள்.

முதலாவது, வீட்டிலேயே தொழில் செய்பவர்கள். முன்னறையில் ஒரு நாற்காலியும் கண்ணாடியும் வைத்து, வாசல் கதவில் சிறு பலகை தொங்கவிட்டு அல்லது அதுவும் இல்லாமல் செய்வார்கள். கடை வாடகை இல்லாததால் இவர்கள் விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். இரண்டாவது, மணப்பெண் அலங்காரம் மட்டும் செய்யும் மேக்கப் கலைஞர்கள். இவர்களுக்குக் கடையே தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் படம் பார்த்து முன்பதிவு செய்கிறார்கள், கலைஞர் மண்டபத்துக்கு நேரில் போகிறார்.

இவர்களைக் கண்டுபிடிக்கச் சில நல்ல வழிகள் உண்டு. அழகுப் பொருட்களை மொத்தமாக விற்கும் ஃபேன்சி ஸ்டோரில் விசாரித்தால், வாக்ஸ் டப்பாவும் ஃபேஷியல் கிட்டும் வாங்கிப் போகிறவர்கள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள் என்று ஓரளவு தெரியும். ரவிக்கை தைக்கும் தையல் கடைக்காரருக்கு, கலியாண வீட்டார் அலங்காரத்துக்கு யாரைப் பிடிக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும். திருமண மண்டப மேலாளரும் அதையே சொல்வார். இந்த மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களே அந்த ஊரின் உண்மையான போட்டியாளர்கள்.

இங்கே ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிடலாம். மணப்பெண் அலங்காரம் கடையின் இடத்தைப் பெரும்பாலும் சார்ந்திருப்பதில்லை. வேலை நடப்பது மண்டபத்தில், வாடிக்கையாளரைக் கொண்டுவருவது பழைய வேலையின் படமும் உறவினர் பேச்சும். ஆகவே கலியாண வருமானத்தைக் கணக்கில் சேர்த்து, “முதன்மைச் சாலையில் கடை பிடித்தால் கலியாண ஆர்டர் வரும்” என்று கூடுதல் வாடகையை ஒப்புக்கொள்வது தவறு. இடத்தை முடிவு செய்ய வேண்டியது அன்றாட வாடிக்கையாளரை வைத்துத்தான்.

## விலையைப் பதிவு செய்தல்

பலகையில் எழுதியிருக்கும் ஒரே ஒரு விலையை வைத்து ஒரு கடை மலிவா, அதிக விலையா என்று சொல்ல முடியாது. பெரும்பாலான கடைகள் புருவம் திருத்தும் விலையைக் குறைத்து வைத்து ஆளை உள்ளே அழைத்து, மற்ற சேவைகளில் அதை ஈடுகட்டும். எனவே எல்லாக் கடைகளிலும் ஒரே மாதிரியான சிறு தொகுப்பை விசாரிக்க வேண்டும். புருவம் திருத்துதல், முழுக்கை வாக்சிங், சாதாரண ஃபேஷியல் ஆகிய மூன்றும் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் கடையில் புருவத்துக்கு 30 ரூபாய், வாக்சிங்குக்கு 350, ஃபேஷியலுக்கு 900. இரண்டாவது கடையில் அதே வரிசையில் 50, 300, 700. மாதத்துக்கு இரண்டு முறை புருவமும், ஒரு முறை மற்ற இரண்டும் செய்துகொள்ளும் ஒருவருக்கு முதல் கடையில் 1,310 ரூபாயும் இரண்டாவது கடையில் 1,100 ரூபாயும் செலவாகும். பலகையைப் பார்த்தவர் முதல் கடையை மலிவு என்பார், மாதக் கணக்கில் அது 210 ரூபாய் கூடுதல். புதிதாக வருபவர் முதல் கடையின் 30 ரூபாயைப் பார்த்து, தாமும் 30 என்று எழுதினால், அந்தக் கடையின் 900 ரூபாய் ஃபேஷியல் இல்லாமல் அதன் இழப்பை மட்டும் ஏற்றுக்கொள்கிறார்.

விலையோடு மூன்று விவரங்களைச் சேர்த்து எழுத வேண்டும். ஃபேஷியலுக்குப் பயன்படும் கிட் எது, பிளீச் அதில் அடங்குமா என்பது முதலாவது. எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது இரண்டாவது. வரி சேர்த்த விலையா என்பது மூன்றாவது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, ஆகவே சிறு கடைகள் வரி வாங்குவதில்லை. பதிவு பெற்ற பெரிய கடைகள் வாங்கும். அழகு நிலையச் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்ததால், பெரிய கடைக்கும் சிறிய கடைக்கும் இருந்த விலை இடைவெளி சுருங்கியிருக்கிறது. அதற்கு முன் எடுத்த பழைய விலைக் குறிப்புகளை வைத்து ஒப்பிடக் கூடாது.

நேரத்தை ஏன் எழுத வேண்டும்? நாற்காலியும் கையும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஈட்டுகின்றன என்பதே உண்மையான விலை. 50 ரூபாய் புருவ வேலை, ஆள் மாறும் நேரத்தையும் சேர்த்து 12 நிமிடம் பிடித்தால், மணிக்கு ஐந்து பேர், 250 ரூபாய். 700 ரூபாய் ஃபேஷியலில் பொருட்செலவு 200 போக 500 மிஞ்சும். அது 75 நிமிடம் பிடித்தால் மணிக்கு 400 ரூபாய். 300 ரூபாய் வாக்சிங்கில் பொருட்செலவு 70 போக 230 மிஞ்சும். அரைமணி நேரத்தில் முடிந்தால் மணிக்கு 460 ரூபாய். அதாவது பலகையில் பெரிதாகத் தெரியும் ஃபேஷியலைவிட வாக்சிங் ஒரு மணி நேரத்துக்கு அதிகம் தருகிறது. புருவ வேலை மணிக்கு 250 ரூபாய் தர வேண்டுமென்றால், இடைவெளியில்லாமல் ஆள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

## சேவையைப் பதிவு செய்தல்

பலகையில் நாற்பது சேவைகள் எழுதியிருக்கலாம். அவற்றில் எவை அன்றைக்கே கிடைக்கும் என்பதே கேள்வி. “இன்றைக்கு ஹேர் ஸ்ட்ரெய்ட்னிங் செய்ய முடியுமா அக்கா?” என்று கேட்டால், “அதுக்கு ஆள் வரணும், நாளைக்குச் சொல்றேன்” என்று பதில் வரலாம். அப்படியானால் அந்தச் சேவை அந்தக் கடையில் இல்லை என்றே எழுதிக்கொள்ளலாம்.

நாற்காலிகளை எண்ணுவதைவிட வேலை செய்யும் கைகளை எண்ண வேண்டும். நான்கு நாற்காலியும் ஒரே ஒரு அழகுக்கலைஞரும் இருந்தால் அது ஒரு ஆள் கடைதான். அவர் உரிமையாளரா, சம்பள ஆளா என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் கடையைப் பிடிப்பதில்லை, கையைப் பிடிக்கிறார். “அந்த அக்கா கை நல்லா இருக்கும்” என்பதுதான் வழக்கமான பேச்சு. உரிமையாளரே நேரில் வேலை செய்யும் பழைய கடையிலிருந்து ஆளை இழுப்பது கடினம். சம்பள ஆட்கள் அடிக்கடி மாறும் கடையின் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே பாதி விலகியிருப்பார்கள்.

பிறகு தூய்மை. புருவ நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிறாரா, கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்கிறாரா என்று பார்க்கலாம். வாக்ஸ் எடுக்கும் குச்சியை ஒருவருக்குப் பயன்படுத்திவிட்டு மீண்டும் டப்பாவில் விடுகிறாரா, துண்டு ஒவ்வொருவருக்கும் மாறுகிறதா, வாக்சிங்குக்குத் தனி அறையோ திரையோ இருக்கிறதா என்பவற்றையும் குறிக்க வேண்டும். ஒரு பகுதியில் எந்தக் கடையிலும் மறைவான அறை இல்லை என்றால், அங்கே வாக்சிங் செய்துகொள்ள விரும்பும் பெண்கள் வேறு பகுதிக்குப் போகிறார்கள் அல்லது செய்துகொள்வதே இல்லை. விலைப்பட்டியலில் தெரியாத இடைவெளி இதுதான்.

இந்த விவரங்களைத் திரட்ட நேர்மையான வழி, ஒவ்வொரு கடையிலும் ஒரு சேவையைப் பணம் கொடுத்துச் செய்துகொள்வது. உள்ளே படம் எடுப்பதும், வாடிக்கையாளர் பெயரையோ எண்ணையோ எழுதுவதும் கூடாது. வேலை நேரத்தில் கேள்வி கேட்டு அவர்களை நிறுத்தி வைப்பதும் முறையல்ல.

## வாசல் கணக்கு

வாடிக்கையாளர் வகையை அறிய, போட்டிக் கடையின் வாசல் தெரியும் இடத்தில் இருந்து, உள்ளே போகும் ஒவ்வொருவரையும் ஒரு கோடாகக் குறிப்பது வழக்கம். ஒரு வார நாள், ஒரு சனிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகிய மூன்று நாள்களாவது பார்க்க வேண்டும். வார நாளில் காலை 11 முதல் 1 வரை வீட்டிலிருக்கும் பெண்களும், மாலை 4 முதல் 6 வரை கல்லூரி மாணவியரும், 6 மணிக்குப் பிறகு வேலை முடித்துத் திரும்புவோரும் வருவது பொதுவான ஒழுங்கு. வாரக்கூலி வாங்குவோர் உள்ள ஊரில் சனிக்கிழமை மாலையைத் தவறவிடக் கூடாது.

ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு குறிப்புகள் போதும். அடையாள அட்டை அணிந்த மாணவியா, அலுவலகம் செல்பவரா, குழந்தையோடு வந்தவரா என்பது ஒன்று. நடந்தா, வண்டியிலா, பேருந்து நிலையத்துப் பக்கமிருந்தா என்பது இரண்டு. எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார் என்பது மூன்று. எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாரா என்பது நான்கு.

மூன்றாவது குறிப்பே மிகவும் பயனுள்ளது. உள்ளே இருந்த நேரத்தையும் முன்பே எடுத்த விலைப்பட்டியலையும் சேர்த்தால், அந்தக் கடையில் ஓர் ஆள் சராசரியாக எவ்வளவு செலவழிக்கிறார் என்று கணிக்கலாம். 15 நிமிடத்துக்குள் வெளியே வந்தவர் பெரும்பாலும் புருவம் மட்டும் திருத்தியவர். அரைமணி முதல் முக்கால் மணி இருந்தவர் வாக்சிங் அல்லது முடிவெட்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தவர் ஃபேஷியல் போன்ற நீண்ட வேலை செய்துகொண்டவர்.

இதில் ஒரு பிழை நேரும். கூட்டமான கடையில் 40 நிமிடம் இருந்தவர் 30 நிமிடம் காத்திருந்து 10 நிமிடத்தில் புருவம் திருத்தியிருக்கலாம். உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, வேலை செய்யும் கைகளைவிட அதிகமாக இருக்கும் நேரத்தில் எடுத்த குறிப்புகளைத் தனியாக வைத்து, காத்திருப்பைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

## எந்த மாதத்தில் எடுப்பது?

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் திருமணம் நடப்பதில்லை, புரட்டாசியிலும் பலர் தவிர்க்கிறார்கள். அந்த மாதங்களில் எடுத்த வாசல் கணக்கு ஊரின் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டும். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் எடுத்தால், கலியாணத்துக்குப் போகும் உறவினர் கூட்டமும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். மாசி மகத் திருவிழாவின்போது கோயிலைச் சுற்றிய வீதிகளில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துக் கடை பிடிப்பதும் இதே தவறுதான். அவர்கள் சாமி பார்க்க வந்தவர்கள். முந்திரி அறுவடையான கோடை மாதங்களில் கிராமத்திலிருந்து வருவோர் கையில் பணம் இருக்கும், மற்ற மாதங்களில் அவ்வளவு இருக்காது. முடிந்தால் முகூர்த்தமுள்ள மாதம் ஒன்றிலும் இல்லாத மாதம் ஒன்றிலும் எடுக்க வேண்டும். ஒருமுறைதான் முடியும் என்றால், முகூர்த்தமில்லாத வாரத்தை எடுப்பது பாதுகாப்பு.

## எடுத்துக்காட்டு: மூன்று இடங்கள்

உரிமையாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வேலை செய்யும் ஒரு புதிய அழகு நிலையத்துக்கு மூன்று இடங்கள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பேருந்து நிலையத்தை ஒட்டியது. இன்னொன்று கோயில் வீதி. மூன்றாவது, சம்பளக்காரக் குடும்பங்கள் வாழும் குடியிருப்புப் பகுதியின் சாலை. புருவ வேலைக்கு 50, நடுத்தர வேலைக்கு 300, நீண்ட வேலைக்கு 700 ரூபாய் என மூன்று பகுதியிலும் விலை ஒன்றே என எடுத்துக்கொள்ளலாம்.

பேருந்து நிலையப் பகுதியில் நான்கு கடைகள் உள்ளன. ஒரு சாதாரண நாளில் நான்கிலும் சேர்த்து 60 பேர் வருகிறார்கள். அவர்களில் 48 பேர் 15 நிமிடத்துக்குள் வெளியே வருகிறார்கள், 9 பேர் நடுத்தர நேரம், 3 பேர் நீண்ட நேரம் இருக்கிறார்கள். மொத்தம் 2,400 + 2,700 + 2,100 = 7,200 ரூபாய். ஆளுக்குச் சராசரி 120 ரூபாய்.

குடியிருப்புப் பகுதியில் ஒரே ஒரு கடையில் நாளுக்கு 12 பேர் வருகிறார்கள். 4 பேர் குறைந்த நேரம், 4 பேர் நடுத்தரம், 4 பேர் நீண்ட நேரம். மொத்தம் 200 + 1,200 + 2,800 = 4,200 ரூபாய், ஆளுக்குச் சராசரி 350. கோயில் வீதியில் ஒரு கடை, 10 பேர். அவர்களில் 6 பேர் குறைந்த நேரமும், 3 பேர் நடுத்தரமும், ஒருவர் நீண்ட நேரமும் இருந்தால் சராசரி 190.

வாடகை, உதவியாளர் சம்பளம், மின்சாரம் ஆகியவற்றைச் சேர்த்த மாதச் செலவை, ஓர் ஆளிடம் பொருட்செலவு போக மிஞ்சும் தொகையால் வகுத்தால், நட்டமில்லாமல் நடத்த மாதத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்பது கிடைக்கும். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கொண்டால்:

| இடம் | மாதச் செலவு (ரூ.) | ஓர் ஆளிடம் மிஞ்சுவது (ரூ.) | மாதத்துக்கு வேண்டியவர் | நாளுக்கு |
|---|---|---|---|---|
| பேருந்து நிலையம் | 30,000 | 100 | 300 | 12 |
| கோயில் வீதி | 22,000 | 150 | 147 | 6 |
| குடியிருப்புச் சாலை | 18,000 | 250 | 72 | 3 |

அடுத்த கேள்வி, அத்தனை பேர் கிடைப்பார்களா என்பது. புதுக்கடை வந்ததும் இருக்கும் கூட்டம் எல்லாக் கடைகளுக்கும் சமமாகப் பிரியும் என்று நினைப்பது தவறு. ஏற்கெனவே சொன்னதுபோல் வாடிக்கையாளர் பழகிய கையை எளிதில் விடுவதில்லை. பத்தில் ஒருவர் மாறுவார் என்றும், கூட்டம் தாங்காமல் திரும்பிப் போகிறவர்கள் அனைவரும் வருவார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். பேருந்து நிலையப் பகுதியில் மாறுவோர் 6 பேர், திரும்பிப் போவோர் 5 பேர், ஆக 11. வேண்டியது 12. கோயில் வீதியில் ஒருவர்தான் கிடைப்பார். வேண்டியது 6. அந்த இடத்தை இங்கேயே விட்டுவிடலாம். குடியிருப்புப் பகுதியில் கடைக்கு வரும் 12 பேரோடு, இரண்டு வீட்டுப் பார்லர்களுக்கு வரும் 6 பேரையும் சேர்த்தால் 18. மாறுவோர் ஏறத்தாழ 2 பேர், திரும்பிப் போவோர் சராசரியாக ஒருவர், ஆக 3. வேண்டியதும் 3.

இந்த அளவில் பேருந்து நிலையமும் குடியிருப்புச் சாலையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். உரிமையாளர் தமக்கென மாதம் 15,000 ரூபாய் எடுக்க வேண்டும் என்று சேர்த்தால்தான் வேறுபாடு புலப்படும். பேருந்து நிலையத்தில் மாதத்துக்கு இன்னும் 150 பேர், அதாவது நாளுக்குப் பதினேழு பதினெட்டுப் பேர் வர வேண்டும். குடியிருப்புப் பகுதியில் இன்னும் 60 பேர், நாளுக்கு ஐந்து பேர் போதும். நான்கு கடைகளுக்கு நடுவே கூடுதலாக ஆறு பேரைப் பிடிப்பதைவிட, ஒரு கடை மட்டும் உள்ள சாலையில் கூடுதலாக இரண்டு பேரைப் பிடிப்பது நடக்கக்கூடியது. அதுவும் அந்த ஒரே கடையில் மறைவான அறை இல்லை என்று சேவைக் குறிப்பில் இருந்தால், அந்த இருவர் எங்கிருந்து வருவார்கள் என்பதற்கும் விடை கிடைத்துவிடுகிறது.

## முடிவைச் சரிபார்த்தல்

மேலே உள்ள கணக்கு முழுவதும் ஓர் ஆளின் சராசரிச் செலவான 350 ரூபாயின் மேல் நிற்கிறது. அது தவறினால் எல்லாம் மாறும். அங்கே நீண்ட நேரம் இருந்த நால்வருமே காத்திருந்தவர்கள் அல்லது உரிமையாளரோடு பேசிக்கொண்டிருந்த உறவினர்கள் என்று வைத்துக்கொண்டால், சராசரி 150 ரூபாயாக இறங்கலாம். பொருட்செலவு போக 125 மிஞ்சும். நட்டமில்லாமல் இருக்கவே மாதத்துக்கு 144 பேர், நாளுக்கு ஆறு பேர் வேண்டும். அப்போது அந்த இடமும் தகுதி இழக்கிறது.

இதைச் சரிபார்க்க, அந்தச் சாலையில் வசிக்கும் இருபது பெண்களிடமாவது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது, எங்கே போனீர்கள்? அன்றைக்கு என்ன செய்துகொண்டீர்கள்? “இங்கே கடை வந்தால் வருவீர்களா?” என்று கேட்பதில் பயனில்லை. முகத்துக்கு நேராக யாரும் வர மாட்டேன் என்று சொல்வதில்லை. கடைசியாகச் செய்ததைக் கேட்டால் நினைவிலிருந்து பதில் வரும். பலரும் ஃபேஷியலுக்கு நெய்வேலிக்கோ ஊரின் வேறு பகுதிக்கோ போவதாகச் சொன்னால், வாசல் கணக்கில் தெரியாத தேவை அங்கே இருக்கிறது. கலியாணத்துக்கு மட்டும்தான் போவோம் என்று பெரும்பாலோர் சொன்னால், 350 என்ற எண்ணை நம்பக் கூடாது.

இந்த முறைக்கு ஒரு வரம்பும் உண்டு. கணக்கெடுப்பு, எடுத்த நாளின் நிலையை மட்டுமே காட்டுகிறது. புதுக்கடை திறந்த மாதமே பக்கத்துக் கடை புருவ விலையை 50-லிருந்து 30-ஆகக் குறைக்கலாம். குறைந்த நேர வாடிக்கையாளர்களை நம்பியிருக்கும் பேருந்து நிலையக் கடைக்கு அது பெரிய அடி. அங்கு வரும் 12 பேரில் ஒன்பது பத்துப் பேர் அந்த வேலைக்கே வருகிறார்கள். குடியிருப்புச் சாலைக் கடையில் மூவரில் ஒருவரே அந்த வேலைக்கு வருகிறார், எனவே விலைக் குறைப்பு அவ்வளவாகத் தாக்காது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன், இரண்டு இடங்களின் கணக்கையும் 30 ரூபாய் விலையில் ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.